இதன் மத்தியில் இருநூற்று அறுபது சதுர அடி

நான் பத்திரம் எழுதுகிறவன். உத்திரமேரூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் எட்டடிக்குப் பத்தடி அறை எனக்கு. இருபத்தெட்டு வருஷமாக அதே நாற்காலி. ஒரு சொத்து கைமாறுகிறது என்றால் அதற்கு நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்று எழுதாமல் என் கை நகராது. இன்னாருடைய நிலத்துக்கு வடக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, இன்னாருடைய கிணற்றுக்குக் கிழக்கு, இதன் மத்தியில் உள்ள புஞ்சை இத்தனை செண்டு. இதை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்தப் பழக்கம்தான் என் அக்காவை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தது. இப்போதெல்லாம் "இதன் மத்தியில்" என்று தட்டும்போது விரல் கொஞ்சம் நிற்கிறது. பக்கத்தில் இருக்கும் கட்சிக்காரர் கம்ப்யூட்டர் மாட்டிக்கொண்டது என்று நினைத்துக்கொள்வார்.

அக்காவைப் பக்கத்தில் பெருநகர் என்கிற ஊரில் கட்டிக்கொடுத்தோம். பிள்ளை இல்லை. மாமா ஒருநாள் காலையில் மோட்டார் போடப் போனவர் பம்புசெட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டார். எங்களில் நிலம் உள்ளவர்கள் இறந்தவரை நிலத்திலேயே புதைப்பது வழக்கம். பம்புசெட்டுக்கு வடகிழக்கே அவரை வைத்து, மேலே சிமெண்டு மேடை கட்டி, அகல் வைக்க ஒரு மாடமும் விட்டோம். அமாவாசைக்கு அமாவாசை அக்கா போய் விளக்குப் போட்டுவிட்டு, அந்த மேடை ஓரத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். அவரிடம் ஏதாவது குறை சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். நான் வரப்பில் வருவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வாள்.

ஆளில்லாத வீட்டில் எண்பது செண்டை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வாள்? குத்தகைக்கு விட்டவன் மூன்று போகத்துக்கு நெல்லும் தரவில்லை, பணமும் தரவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து ஒருவர் வாங்க வந்தார். பத்திரம் நான்தான் எழுதினேன். சமாதி இருக்கிற இரண்டு செண்டு நீங்கலாக என்று எழுதலாம் என்றேன். அதற்கு உட்பிரிவு செய்யவேண்டும், சர்வேயரைப் பிடிக்கவேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும், என் காலம் வரை அதில் கைவைக்க மாட்டேன் என்று அவர் கையடித்துச் சொன்னார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் காலம் வரை அவரே அந்த நிலத்தை வைத்திருப்பார் என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. அதை யோசிக்கவேண்டியவன் நான்.

முப்பது லட்சம் வந்தது. ஐந்து லட்சத்தில் கூரையை மாற்றி, மாமா உயிரோடிருந்தபோது ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடனை அடைத்தாயிற்று. மீதி இருபத்தைந்து லட்சம் அக்கா கணக்கில் கிடந்தது. அந்த வாரமே டீக்கடையில் கழுத்தில் ஒரு முதலீட்டுக் கம்பெனியின் அட்டை மாட்டிய பையன் என்னோடு பேச ஆரம்பித்தான். சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து வெளியே வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் புதுப் பணம் இருக்கும் என்று அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நல்ல மூளைதான். சென்னைக்குத் தெற்கே, சாஃப்ட்வேர் கம்பெனிகள் வரிசையாக நிற்கும் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடம், அதில் ஏழாவது மாடி முழுவதும் விலைக்கு வந்திருக்கிறது, இருபத்தோரு கோடி, ஒருவரால் வாங்க முடியாது, எண்பத்து நான்கு பங்காகப் போட்டு வாங்கலாம், ஒரு பங்கு இருபத்தைந்து லட்சம் என்றான். வாடகைக்கு இருப்பது பெரிய கம்பெனி. வருஷத்துக்கு எட்டரை சதவீதம் வாடகையாகவே வந்துவிடும், ஐந்து வருஷத்தில் மாடியை விற்றால் எல்லாம் சேர்த்து வருஷத்துக்குப் பதினைந்து சதவீதம் கணக்காகும் என்று போனில் ஒரு கோடு மேலே ஏறுவதைக் காட்டினான். அந்தக் கோட்டின் அடியில், இது எதிர்பார்ப்புதான், உறுதி இல்லை என்று பொடி எழுத்தில் இருந்தது. நான் அதையும் படித்தேன். படிக்காமல் இல்லை.

என் தொழில் புத்தி என்ன செய்தது தெரியுமா? வில்லங்கம் போட்டுப் பார்த்தது. அந்தக் கட்டடத்துக்கு முப்பது வருஷ வில்லங்கச் சான்று எடுத்தேன். தாய்ப்பத்திரத்தின் நகலை வரவழைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வரிவரியாகப் பார்த்தேன். அடமானம் இல்லை, வழக்கு இல்லை, வாரிசுச் சிக்கல் இல்லை. இவ்வளவு சுத்தமான சொத்தை நான் பார்த்ததே இல்லை என்று அக்காவிடம் சொன்னேன். சொத்து சுத்தம்தான். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தச் சொத்து அக்காவுடையது ஆகாது. அதை வாங்குவது அதற்காகவே தொடங்கிய ஒரு பிரைவேட் கம்பெனி. அக்கா கையில் வருவது அந்தக் கம்பெனியின் கடன்பத்திரமும் சில பங்குகளும். மாதாமாதம் வருவதுகூட வாடகை இல்லை, கடன்பத்திரத்துக்கு வட்டி. இதெல்லாம் ஒப்பந்தத்தில் இங்கிலீஷில் தெளிவாக இருந்தது. விற்கவேண்டும் என்றால் என்ன செய்வது என்பதும் ஒரு பக்கம் இருந்தது. சொத்தின் சரித்திரத்தை முப்பது வருஷம் பின்னால் போய்ப் பார்த்த நான், அந்தப் பக்கத்தை ஒரு நிமிஷத்தில் புரட்டிவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போனால் இதை எழுதுவதற்கு அர்த்தமில்லை. ஆள் சேர்த்துவிட்டால் இரண்டு சதவீதம் என்றான் பையன். ஐம்பதாயிரம் என் கணக்கில் விழுந்தது. அப்போது என் பழைய பிரிண்டர் பத்திரத்தாளில் கறுப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தது. புதுக் கம்ப்யூட்டரும் லேசர் பிரிண்டரும் வாங்கினேன். அக்காவிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் எதற்குக் கேட்கப்போகிறாள்?

பணம் கட்டி ஒரு மாதம் கழித்து அக்கா பஸ் ஏறி வந்தாள். பத்திரம் எங்கே என்றாள். டீமேட் கணக்கில் இருக்கிறது, பேப்பர் கிடையாது என்றேன். அவள் பேரில் பேருக்கு ஒரு கணக்கு. அவள் பெயரில் சிம் வாங்கி என் போனில்தான் போட்டிருந்தேன், அவளிடம் இருப்பது பட்டன் போன். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டாள்:

"ஏழாவது மாடின்னு சொல்ற. அதுல என்து எதுடா? எங்க கீது?"

எது என்று இல்லை, எல்லாவற்றிலும் கொஞ்சம் என்றேன். அவள் முகம் போன போக்கு எனக்குப் பொறுக்கவில்லை. நிலத்தை விற்றுவிட்டுக் காற்றை வாங்கியவள்போல் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் நான் செய்த காரியம்தான் இன்றைக்கும் என்னைத் துரத்துகிறது. பையன் கொடுத்த விளம்பரப் புத்தகத்தில் மாடியின் வரைபடம் இருந்தது. இருபத்தைந்து லட்சத்துக்குச் சதுர அடி கணக்குப் போட்டேன். புதுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தட்டினேன்: "லிஃப்டுக்குக் கிழக்கு, கண்ணாடிச் சுவருக்கு மேற்கு, பேன்ட்ரிக்கு வடக்கு, மற்ற பங்குதாரர் பாகத்துக்குத் தெற்கு, இதன் மத்தியில் ஏழாவது தளத்தில் உள்ள இருநூற்று அறுபது சதுர அடி." பச்சைத் தாளில் அடித்துக் கொடுத்தேன். புது பிரிண்டரில் வந்த முதல் தாள் அதுதான். சூட்டோடு கையில் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, மஞ்சள் பையில் நாலாக மடித்து வைத்துக்கொண்டாள். விளையாட்டுக்கு எழுதியது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டாள்.

இரண்டே முக்கால் வருஷம் எல்லாம் நன்றாக நடந்தது. ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி, வரி பிடித்ததும் கம்பெனியின் கட்டணமும் போகப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் விழும். என் போனில் மணி அடித்ததும் அக்காவைக் கூப்பிடுவேன். அவள் அதைப் பணம் வந்ததா என்று கேட்க மாட்டாள். "உங்க மாமா அனுப்பிட்டாரா?" என்பாள். முதலில் சிரித்தேன். பிறகு நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன். மாமா அனுப்பிட்டார் அக்கா. அவர் உயிரோடு இருந்த காலத்தில் மாதம் தவறாமல் எதையும் கொடுத்தவர் இல்லை என்பதும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்று வருஷம்தான் அந்த வாடகைக் கம்பெனி காலி செய்யமாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருந்தது. அது முடிவதற்கு ஆறு மாதம் முன்பே நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். ஆட்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள், இவ்வளவு இடம் வேண்டாமாம். புது ஆளைத் தேடுகிறோம், பேச்சுவார்த்தை நடக்கிறது என்று எனக்கு மெயில் வந்துகொண்டே இருந்தது. ஒரு ஏழாம் தேதி மணி அடிக்கவில்லை. மாடி காலியாக இருந்தாலும் பராமரிப்புச் செலவு சொந்தக்காரர் தலையில்தான். கம்பெனியின் கையிருப்பிலிருந்து அது வேறு போய்க்கொண்டிருந்தது. அக்காவிடம் வாடகைக்காரர் காலி செய்துவிட்டார் என்று சொன்னேன். சரி என்றாள். அடுத்த மாதம் ஏழாம் தேதி, சொல்லாமல் கொள்ளாமல், என் அறை வாசலில் வந்து நின்றாள். போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். டீ குடித்துவிட்டுப் போனாள். அதற்கடுத்த மாதமும் வந்தாள்.

அப்போதுதான் நிலம் விஷயம் வெடித்தது. காஞ்சிபுரத்துக்காரர் எண்பது செண்டையும், பக்கத்து நிலங்களோடு சேர்த்து, மனை போடுகிற ஒருவருக்கு விற்றுவிட்டிருந்தார். எல்லைக்கல் நட்டபோது மாமாவின் மேடை ஒரு மனைக்குள் சரியாக நடுவில் விழுந்தது. மனைக்காரர் கெட்டவர் இல்லை. அக்கா வீட்டுக்கே வந்து பேசினார். சமாதி இருக்கிற மனையை யாரும் வாங்க மாட்டார்கள், பக்கத்து மனைக்கும் விலை போகாது, நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்பது லட்சம், மற்றவர்களுக்குச் சொல்கிற விலையைவிடக் குறைவு, மூன்று மாதம் பொறுக்கிறேன், அதற்கு மேல் மேடையை எடுத்துவிடுவேன் என்றார். நியாயமாகத்தான் பேசினார். அக்கா மஞ்சள் பையோடு என்னிடம் வந்தாள். பச்சைத் தாளை மேசைமேல் விரித்துவைத்தாள்.

"இத்த வித்துக் குடுடா. முழுசா வேணாம். ஒம்போது லட்சத்துக்கு எவ்ளோ வருதோ அத்த மட்டும் வில்லு. ஜன்னல் ஓரமா வேணும்னாலும் குடுத்துடு."

அதில் பாதியை விற்க முடியாது. ஒருவர் வைத்திருக்கவேண்டிய குறைந்தபட்சமே இருபத்தைந்து லட்சம். விற்றால் மொத்தத்தையும் ஒரே ஆளுக்குத்தான் விற்கவேண்டும். அப்படி ஒரு ஆள் வருவதற்குக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் விற்பனைக்கு என்று போட்டுவைக்கலாம். நான் முன்பு புரட்டிவிட்ட பக்கத்தில் இதுதான் எழுதியிருந்தது: விற்க நினைப்பவருக்கும் வாங்க நினைப்பவருக்கும் இடத்தைக் காட்டுவோம், வாங்குவதற்கு ஆள் வரும் என்று பொறுப்பேற்க மாட்டோம். போட்டேன். இருபத்தைந்துக்குப் போட்டேன், இருபத்து மூன்றுக்கு இறக்கினேன், இருபதுக்கு இறக்கினேன். ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் அதே மாடியை விற்பனைக்குப் போட்டிருந்தார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு எண் காட்டும். தினமும் காலையில் பல் தேய்க்கும் முன்பு அதைப் பார்ப்பேன். எண் கொஞ்சம் ஏறியிருக்கும். அது நான் பார்த்ததாகவே இருக்கும் என்று ஒருநாள் புரிந்தது.

டீக்கடைப் பையனைக் கூப்பிட்டேன். அவன் வேலையை விட்டுவிட்டான், இப்போது இன்ஷூரன்ஸில் இருக்கிறான். சாரி சார், அந்த ப்ராடக்ட்ல எக்ஸிட் கொஞ்சம் கஷ்டம்தான் என்றான், எனக்குப் புதிதாக ஒரு விஷயத்தைச் சொல்வதுபோல. அக்காவின் வங்கி அந்தக் கடன்பத்திரத்தின்மேல் கடன் தராது என்றது. என் வீடு மகள் கல்யாணத்துக்காக ஏற்கெனவே அடமானத்தில் இருந்தது. சேர்த்துச் சுரண்டியதில் இரண்டே கால் லட்சம் தேறியது. மனைக்காரர் அதை முன்பணமாகக்கூட வாங்க மறுத்துவிட்டார். மீதிக்கு வழி இல்லாதவரிடம் முன்பணம் வாங்குவது பாவம் என்றார். அரசாங்கம் இந்த மாதிரி திட்டங்களுக்குப் புது விதிமுறை கொண்டுவந்திருக்கிறது, அதற்கு மாறிவிட்டால் பங்குச் சந்தையிலேயே விற்கலாம் என்று ஒரு மெயில் வந்தபோது ஒரு பகல் முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். அடுத்த மெயிலில், வருமானம் வராத கட்டடத்தை அதில் சேர்க்க இயலாது, ஆகவே நம் மாடி இப்போதைக்கு இல்லை என்றிருந்தது.

ஒருநாள் மனை விற்றுவிட்டு வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், பணத்தை எதில் போடலாம் என்று என்னிடம் கேட்டார். என் வாய் தானாகப் பேச ஆரம்பித்தது. கண்ணாடிக் கட்டடம், ஏழாவது மாடி, வில்லங்கம் சுத்தம், விலை ரொம்பக் குறைவு. பேசப் பேச அந்தப் பையனின் குரலே என் தொண்டையிலிருந்து வருவது கேட்டது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இப்ப அதுல யாரு கீறாங்க?"

யாரும் இல்லை என்றேன். டீக்குக் காசு கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். இவர்கள் போனால் யார் வருவார்கள் என்று நான் கேட்டிருக்கவேண்டிய கேள்விக்குப் பக்கத்தில் வந்த கேள்வி அது. இருபத்தெட்டு வருஷம் ஊருக்குப் பத்திரம் எழுதியவனுக்கு அது தோன்றவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. மனைக்காரர் மேலும் பத்து நாள் கொடுத்தார். ஜே.சி.பி. வந்த அன்று நானும் போயிருந்தேன். மாமாவை எடுத்து ஊர்ச் சுடுகாட்டில் முறையாக வைத்துவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள், அப்படியே செய்தோம். ஐயரை வைத்துச் செய்தோம், குறை ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் அக்கா அங்கே விளக்குப் போடப் போகவில்லை. மேடையை உடைப்பதற்கு முன் மாடத்துக்கு அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிக்கொண்டாள். சுடுகாட்டில் இருக்கிறவர் அவர் இல்லை என்றாள். சொந்த இடத்தில் இருந்தவரைக் கொண்டுபோய் ஊர் இடத்தில் போட்டால் அவர் அங்கே தங்குவாரா என்று என்னைக் கேட்டாள்.

அடுத்த அமாவாசைக்கு முந்தின நாள் போன் செய்தாள்.

"நம்ம இடத்தக் காட்டுடா. அவர அங்க வெச்சிடலாம்."

நான் அது ஆபீஸ் கட்டடம் என்றேன், எல்லை எதுவும் இல்லை என்றேன், அந்தத் தாளை நான் சும்மா எழுதினேன் என்றுகூடச் சொன்னேன். எழுதிக் குடுத்துட்டியே என்றாள். அவ்வளவுதான்.

முதலீட்டாளர் கேட்டால் இடத்தைச் சுற்றிக்காட்டுவார்கள். மெயில் போட்டு நாள் வாங்கினேன். செங்கல்பட்டுவரை ஒரு பஸ், அங்கிருந்து இரண்டு பஸ். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். யார் உட்கார இடம் கேட்டாலும் கொஞ்சம் நகர்ந்து, டப்பாவின்மேல் கை வைத்துக்கொள்வாள். கட்டடத்து வாசலில் செக்யூரிட்டி எங்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதி, யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். அக்கா, எங்க வூட்டுக்காரர என்றாள். நான் குறுக்கே புகுந்து கம்பெனியின் பெயரைச் சொன்னேன். கம்பெனியிலிருந்து ஒரு பெண் கார்டோடு வந்து மேலே அழைத்துப்போனாள்.

ஏழாவது மாடி. அவ்வளவு பெரிய காலி இடத்தை நான் அறுவடை முடிந்த வயலில்கூடப் பார்த்ததில்லை. தரையிலிருந்து ஒயர்கள் கொத்துக்கொத்தாக நீட்டிக்கொண்டிருந்தன. மேசைகள் இருந்த இடத்தில் தரைவிரிப்பு அடர்ந்த நிறத்தில் கட்டம்கட்டமாகத் தெரிந்தது. ஒரு சுவரில் யாரோ ஒட்டிய பிறந்தநாள் வாழ்த்து அப்படியே இருந்தது. நாங்கள் நடக்க நடக்க தலைக்குமேல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன, பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தன. அக்கா நின்று அண்ணாந்து பார்த்தாள். ஆள் நடந்தால் எரியும் ஆன்ட்டி, சென்சார் என்றாள் அந்தப் பெண்.

அக்கா மஞ்சள் பையிலிருந்து தாளை எடுத்தாள். லிஃப்டைப் பார்த்தாள். கண்ணாடிச் சுவரைப் பார்த்தாள். டீ போடும் பேன்ட்ரி எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு, வரப்பை அளக்கிறவர்கள் வைப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாக அடிவைத்து நடந்தாள். என் எல்லைகள் பொருந்தின. புத்தகத்துப் படத்தைப் பார்த்துத்தானே எழுதினேன், பொருந்தாமல் என்ன? கண்ணாடி ஓரத்தில் காலி செய்தவர்கள் விட்டுப்போன ஒரு பூந்தொட்டி, செடி காய்ந்து குச்சியாக நின்றது. அதில் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிக் கையெடுத்துக் கும்பிட்டாள். கற்பூரம் ஏற்ற வேண்டாம், அலாரம் அடிக்கும் என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். நல்ல பெண்; எதுவும் கேட்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

கிளம்பினோம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே லிஃப்டுக்குக் காத்திருந்தபோது உள்ளே விளக்குகள் ஒன்றொன்றாக அணைந்து, கடைசி வரிசையும் அணைந்தது. நான் லிஃப்டின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என் கையைப் பிடித்தாள். தொட்டி இருந்த மூலையில் ஒரே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை. சில சமயம் தானாகவே எரியும், ஏசி காற்றுக்குக்கூட எரியும் என்றாள் அந்தப் பெண். அன்றைக்கு அந்த மாடியில் ஏசி ஓடவில்லை. அக்கா திரும்பி வரும் வழியெல்லாம் காலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மாமா போனதற்குப் பிறகு அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் அவள் ஏழாம் தேதிகளில் வருவதை நிறுத்திவிட்டாள். நூறு நாள் வேலைக்குப் போனாள், இரண்டு வீட்டுக்கு இட்லி மாவு ஆட்டிக் கொடுத்தாள். எனக்குத்தான் தூக்கம் கெட்டது. கண்ணை மூடினால் அந்த மாடி வரும். ஒயர்கள் நடுவில் மாமா நின்றுகொண்டு, தனக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுற்றிச்சுற்றிப் பார்ப்பார். அவர் நடக்குமிடமெல்லாம் விளக்கு எரியும்.

போன மாசி மாதத்தில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மாடியை மொத்தமாக வாங்க ஒருவர் வந்திருக்கிறார், வாங்கிய விலையைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆனால் இதைவிட்டால் இப்போதைக்கு வேறில்லை. பங்குதாரர்களில் முக்கால்வாசிப் பேர் சம்மதித்தால் எல்லாருடையதும் சேர்ந்து விற்பனையாகிவிடும். இன்னும் சிலர் ஓட்டுப் போடவில்லை, உங்கள் அக்காவுடையதும் பாக்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிவரை நேரம் இருக்கிறது. கணக்குப் போட்டேன். பதினாறு லட்சத்துக்குக் குறையாமல் கைக்கு வரும். அக்கா மாவாட்டவேண்டாம். நான் தூங்கலாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெருநகருக்குப் போனேன். கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்லு, நான் அழுத்திவிடுகிறேன் என்றேன். அவள் சுவரில் இருந்த மாமாவின் படத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஒரு தபா வித்தோம். எடுத்துக் கெடாசிட்டானுங்க. இப்ப மறுபடியும் விக்கச் சொல்றியா?"

அவள் வேண்டாம் என்றாலும் மற்றவர்கள் சம்மதித்தால் விற்றுவிடுவார்கள் என்றேன். அவங்க விக்கட்டும், நான் விக்கல என்றாள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் என்மேல்தான். அது இடமே இல்லை, அக்கா, வெறும் கடன்பத்திரம், அந்தத் தாளை நான் உன் வாயை அடைக்க எழுதினேன் என்று கத்தினேன். கத்தின வேகத்தில் மற்றதும் வந்துவிட்டது. உன்னைச் சேர்த்துவிட்டதற்கு ஐம்பதாயிரம் வாங்கினேன். அதில்தான் பிரிண்டர் வாங்கினேன்.

அக்கா மாவுச் சட்டியைத் தட்டு வைத்து மூடினாள்.

"எனக்கு எழுதிக் குடுத்தியே, அது அந்த மிசின்ல அடிச்சதா?"

ஆமாம் என்றேன்.

"பத்திரத்துக்கு ஸ்டாம்புக் காசு கட்டுனாத்தான் செல்லும்னு எல்லாருக்கும் சொல்லுவ. என் பத்திரத்துக்குக் கட்டியாச்சு அப்போ."

அழுது திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அதைக் கணக்குத் தீர்ந்ததுபோலச் சொல்லிவிட்டு, தட்டில் இரண்டு இட்லி வைத்து என் முன்னால் தள்ளினாள். என் போனில் அவள் சிம்முக்கு ஓ.டி.பி. வந்தது. சம்மதம் என்ற பொத்தானின்மேல் விரலை வைத்தால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. இதுவரை அவள் பெயரில் நான் அழுத்தியதெல்லாம் அப்படித்தான். எதிர்ப்பு என்பதை அழுத்தி, ஓ.டி.பி. போட்டு, பதிவாகிவிட்டது என்று இங்கிலீஷில் வந்ததை அவளிடம் காட்டினேன். அவளால் படிக்க முடிந்ததா தெரியவில்லை, தலையாட்டினாள்.

ஓட்டு தேறவில்லை. எங்களைப்போல் இன்னும் பலர் சம்மதிக்கவில்லை; அவர்கள் யாரை அங்கே வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. வாங்க வந்தவர் விலகிவிட்டார். மாடி இன்றைக்கும் காலிதான். விற்பனைப் பக்கத்திலிருந்து அக்காவின் பங்கை நானே எடுத்துவிட்டேன். அமாவாசைக்கு முந்தின வாரம் மெயில் போட்டு நாள் வாங்கிவிடுவேன். செக்யூரிட்டி மாறிக்கொண்டே இருக்கிறார்கள். யாரைப் பார்க்கவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்கள். அக்கா, எங்க வூட்டுக்காரர என்கிறாள். இப்போதெல்லாம் நான் குறுக்கே புகுவதில்லை.